நாற்பது மணி வேலைக்கு இருபது மணிக் கூலி!

"வேலை செய்தே படித்துவிடலாம், படித்துக்கொண்டே கடனையும் அடைத்துவிடலாம்!"

கோட்டயத்திலிருந்தும் தேனியிலிருந்தும் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்க வரும் ஏஜெண்டுகள் நம் லயத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசும் பேச்சு இது. நாங்கள் அவர்களிடம் நான்கே கேள்விகள் கேட்கிறோம். என்ன வேலை? வாரத்திற்கு எத்தனை மணி நேரம்? மணிக்கு என்ன கூலி? அது எந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கிறது? நான்கில் ஒன்றுக்கும் இதுவரை நேரான பதில் வந்ததில்லை. "போனால் தானாகத் தெரிந்துகொள்வான்" என்கிறார்கள். போன பிறகு தெரிந்துகொண்ட பிள்ளைகளின் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

தோழர்களே! இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. நம் பாட்டன்மார்களைத் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் இந்த மலைக்குக் கூட்டிவந்த கங்காணியும் இதையேதான் சொன்னான். கையில் முன்பணம் கொடுத்தான். மலையேறிய பிறகுதான் அந்த முன்பணம் காலில் பூட்டிய விலங்கென்று தெரிந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1859-இல் ஒரு சட்டம் போட்டார்கள். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் அவனுக்குச் சிறை. அந்தச் சட்டம் 1925-இல்தான் ஒழிந்தது. வேலை ஒப்பந்தத்தை மீறியவன் குற்றவாளி. ஆனால் கூலியைக் குறைத்துக் கொடுத்தவன் குற்றவாளி அல்ல! இந்தக் கோணல் நியாயம் இன்று எங்கே போய்க் குடியிருக்கிறது என்றால், மாணவர் விசா என்னும் தாளுக்குள் குடியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். நம் பகுதியிலிருந்து பிள்ளைகள் போகிற நாடு. நடந்த அநியாயம் அங்கே வெட்டவெளிச்சமாக்கப்பட்டு, அதன் பின் சட்டமும் ஓரளவு மாற்றப்பட்டது. அதனால் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அங்கே நிறைய உண்டு. (இங்கிலாந்தில் விதி வேறு, அங்கே பெரும்பாலான பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பாடக் காலத்தில் வாரத்திற்கு 20 மணி. ஒரு நாட்டுக் கணக்கை இன்னொரு நாட்டில் போட்டு ஏமாற வேண்டாம்.)

முதலில் விதியைப் பார்ப்போம். 2023 ஜூலை 1 முதல், பாடம் நடக்கும் காலத்தில் மாணவர் இரு வாரத்திற்கு 48 மணி நேரம் வரை வேலை செய்யலாம். கல்லூரியின் விடுமுறைக் காலத்தில் வரம்பில்லை. படிப்பு தொடங்கும் முன் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக்கூடாது. இரண்டு இடத்தில் வேலை செய்தால் இரண்டையும் கூட்டித்தான் 48. பட்டியலில் பெயர் இல்லாமல் ரொக்கமாகக் கூலி வாங்கினாலும் அதுவும் கணக்கில் சேரும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ரயில்வேயில் ரோஸ்டர் எழுதிப் பழகிய எங்களுக்கே முதலில் பிடிபடாத பள்ளம். நம் ரயில்வே சட்டத்திலும் 14 நாள் கணக்கு உண்டு. தொடர்வேலைக்காரர் இரு வாரச் சராசரியில் வாரத்திற்கு 54 மணிக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று அதில் இருக்கிறது. ஒரு பதினான்கு நாளை முடித்துக் கோடு போட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்குவதுதான் கணக்கு எழுதுகிறவர் வழக்கம். ஆஸ்திரேலிய விசாக் கணக்கில் அந்தக் கோடு கிடையாது. எந்தத் திங்கட்கிழமையில் தொடங்கி எண்ணினாலும் பதினான்கு நாளுக்குள் 48-ஐத் தாண்டக்கூடாது. ஒரு பையன் முதல் வாரம் 20, இரண்டாம் வாரம் 28, மூன்றாம் வாரம் 28, நான்காம் வாரம் 20 மணி வேலை செய்கிறான் என்று வையுங்கள். முதல் இரண்டைக் கூட்டினால் 48. கடைசி இரண்டைக் கூட்டினாலும் 48. சரியாக இருக்கிறதே என்று அவன் நினைப்பான். ஆனால் இரண்டாம் வாரத்தையும் மூன்றாம் வாரத்தையும் சேர்த்தால் 56! விசா நிபந்தனை மீறப்பட்டுவிட்டது. ஒரு வாரம் கூடுதலாக வேலை செய்தால் அதற்கு முந்திய வாரமும் பிந்திய வாரமும், இரண்டுமே, குறைய வேண்டும். இது தெரியாதவர்கள் வாரத்திற்கு 24 என்று நிறுத்திக்கொள்வதே நல்லது.

இனிக் கூலிக்கு வருவோம். முழுச் சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது. அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலை 1 முதல் மணிக்கு 24 டாலர் 95 சென்ட் என்று நிர்ணயிக்கப்பட்டது. விடுப்பும் நிரந்தரமும் இல்லாத தற்காலிக வேலைக்கு அதன்மேல் 25 சதவீதம் கூட்டித் தர வேண்டும். அப்போது 31 டாலர் 19 சென்ட் ஆகிறது. 21 வயது நிரம்பியவர்களுக்கான கணக்கு இது. ஒவ்வொரு ஜூலையிலும் இது மாறும். உணவகம், கடை, துப்புரவு என்று தொழிலுக்குத் தொழில் தனிக் கூலிப்பட்டியலும் உண்டு. பெரும்பாலும் அது இதைவிடக் கூடவே இருக்கும். வெளிநாட்டு மாணவன், உள்நாட்டுக்காரன் என்ற பேதம் சட்டத்தில் இல்லை.

இப்போது பென்சிலை எடுங்கள். சட்டப்படியான கூலியில் வாரத்திற்கு 24 மணி வேலை செய்தால் ஏறக்குறைய 748 டாலர். ஒரு மாணவருக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென்று அந்த அரசாங்கமே 2024 மே மாதத்தில் போட்ட தொகை 29,710 டாலர். அதாவது வாரத்திற்கு 571 டாலர். ஆகவே சட்டப்படியான நேரத்துக்குச் சட்டப்படியான கூலி கிடைத்தால் வரி போக வாடகையும் அரிசியும் சமாளிக்கலாம். கல்லூரிக் கட்டணத்தை அதில் கட்ட முடியாது. ஊர்க்கடனை அடைக்க முடியாது. ஏஜெண்டின் பேச்சு இந்த இடத்திலேயே செத்துவிடுகிறது.

அதே பையனுக்கு முதலாளி மணிக்கு 15 டாலர்தான் தருகிறான் என்று வையுங்கள். 24 மணிக்கு 360 டாலர். வாடகைக்கே முட்டும். 720 டாலர் கையில் பார்க்க வேண்டுமானால் 48 மணி வேலை செய்ய வேண்டும், ஒரே வாரத்தில்! இரு வாரத்திற்கு 96. வரம்பைப் போல் இரண்டு மடங்கு. பையன் பேராசையால் வரம்பை மீறவில்லை. கூலித் திருட்டு அவனை அங்கே தள்ளுகிறது. மீறிய மறுநாளிலிருந்து அவனால் அந்தத் திருட்டைப் பற்றி வாய் திறக்க முடிவதில்லை. "போ, போய்ப் புகார் கொடு, நீ எத்தனை மணி வேலை செய்தாய் என்று நானும் சொல்கிறேன்" என்கிறான் முதலாளி. குறைந்த கூலி கூடுதல் நேரத்தைப் பிறப்பிக்கிறது. கூடுதல் நேரம் குறைந்த கூலியைக் காவல் காக்கிறது. இந்தச் செக்கைச் சுற்றித்தான் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நடந்தார்கள்.

கற்பனையல்ல, தோழர்களே. 2015 ஆகஸ்ட் கடைசியில் அந்த நாட்டின் அரசுத் தொலைக்காட்சியும் செய்தித்தாள்களும் சேர்ந்து செவன் லெவன் என்ற பெரிய கடைத் தொடரில் நடந்ததை அம்பலமாக்கின. இராப்பகலாகத் திறந்திருக்கும் கடைகள். கல்லாவில் நின்றவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டு மாணவர்கள். நம் நாட்டுப் பிள்ளைகளும் அதில் ஏராளம். தில்லுமுல்லு எப்படி நடந்தது? பையன் நாற்பது மணி வேலை செய்வான். கணக்கில் இருபது மணிதான் ஏறும். அந்த இருபதுக்குச் சட்டப்படியான கூலி, முறையான சம்பளச் சீட்டு! தாளைப் பார்க்கிற அதிகாரிக்கு எல்லாம் சுத்தமாகத் தெரியும். கூலியும் சரி, விசா நேரமும் சரி. உண்மையில் ஒவ்வொரு மணிக்கும் பாதிக் கூலி. இலங்கைத் தோட்டங்களில் நம் சனங்களுக்கு "அரைப்பேர்" போட்ட கதையை முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கொழுந்து நிறை குறைந்தது என்று நாள் முழுதும் நின்றவளுக்கு அரை நாள் கூலி எழுதுவது. அங்கே தராசு செய்த வேலையை இங்கே கம்ப்யூட்டர் செய்தது. செய்தி வெளியானபின் சில கடைக்காரர்கள் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். வங்கியில் முழுக்கூலியைப் போடுவது. மறுநாள் பையனைப் பின்னறைக்குக் கூப்பிட்டு அதில் ஒரு பங்கை ரொக்கமாகத் திரும்ப வாங்கிக்கொள்வது.

அதே 2015 செப்டம்பரில்தான் பக்கத்து மூணாறில் நம் தமிழ்ப் பெண்கள் போனஸ் வெட்டையும் 232 ரூபாய்த் தினக்கூலியையும் எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பறிக்க விசா இல்லை. அதனால் துணிந்து உட்கார முடிந்தது. கடல் கடந்த பிள்ளைக்கு அந்தச் சாலை இல்லை. அதனால் அவன் வேறு முறையில் பேரம் பேச வேண்டும்.

செவன் லெவன் கதை அப்படியே முடியவில்லை. ஆலன் ஃபெல்ஸ் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். சில மாதங்களில் கம்பெனியே அந்தக் குழுவின் பொறுப்பைப் பறித்துக்கொண்டது. அப்படியும் கடைசியில் திருப்பிக் கொடுத்த தொகை 17 கோடி டாலருக்கு மேல். பிறகு சட்டங்கள் வந்தன. 2017 சட்டம் ரொக்கம் திரும்ப வாங்குவதைத் தடை செய்தது. அதே சட்டத்தில் நமக்கு மிக முக்கியமான இன்னொரு பிரிவு இருக்கிறது. முதலாளி வேலைநேரப் பதிவேடு வைக்கவில்லை என்றாலோ, சம்பளச் சீட்டு தரவில்லை என்றாலோ, கூலி வழக்கில் தொழிலாளி சொல்லும் கணக்கு பொய்யென்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். இதன் பொருள் என்ன? பையன் தன் நோட்டுப் புத்தகத்தில் அன்றாடம் எழுதிய கணக்கு ஆயுதமாகிவிட்டது. 2024 ஜூலையிலிருந்து, விசாவைக் காட்டி மிரட்டி ஒருவரை விசா நிபந்தனை மீறி வேலை செய்ய வைப்பது முதலாளிக்குச் சிறைத்தண்டனைக் குற்றம். 2025 ஜனவரி முதல் தெரிந்தே கூலியைக் குறைப்பதும் குற்றம். வரம்பு மீறிய மாணவனுக்கும் பாதுகாப்பு வந்தது. மீறல் சுரண்டலோடு தொடர்புடையது, இனி நிபந்தனைப்படி நடப்பேன் என்று உறுதி தருகிறான், வேறு குற்றம் இல்லை என்றால், கூலிப் புகாரை அங்கீகரிக்கப்பட்ட சங்கமோ சட்ட உதவி மையமோ அரசு அமைப்போ சான்றளித்தபின் அந்த மீறலுக்காக விசாவைப் பறிப்பதில்லை என்று விதி வைத்தார்கள். ஆனால் இது தானாகக் கிடைக்கிற குடையல்ல. நல்ல கூலிக்கே இரண்டு இடத்தில் வேலை செய்து தானாக வரம்பைத் தாண்டியவனுக்கு இதில் இடமில்லை.

சட்டம் தாளில் இருப்பது வேறு, அதை ஒரு பையன் எப்படிக் கையில் எடுத்தான் என்பது வேறு. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். தாய் கொழுந்து எடுத்தவர். தகப்பன் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று சென்ட் வீட்டை அடகு வைத்து, மகளுக்கென்று வைத்திருந்த நகையையும் வைத்து, மகனை மெல்போர்னில் மேல்படிப்புக்கு அனுப்பினார்கள். பையன் ஓர் உணவகத்தில் சேர்ந்தான். முதலாளி நம் நாட்டவர்தான். நம் பாஷைதான் பேசுவார். தீபாவளிக்கு இனிப்பும் கொடுப்பார். கங்காணியும் நம் பாஷைதானே பேசினான்! "மூன்று நாள் பயிற்சி, சம்பளமில்லை, பிறகு மணிக்கு 14 டாலர், ரொக்கம், எவ்வளவு மணி வேண்டுமானாலும் செய்" என்றார். வேலை தெரியுமா என்று காட்டச் சொல்லும் சிறுபொழுதுக்கு மேல் சம்பளமின்றி வேலை வாங்க அந்த நாட்டில் இடமில்லை. பையனுக்கு அது தெரியாது. இருபது வாரம் சராசரி முப்பது மணி உழைத்தான். இரண்டு பாடத்தில் தோற்றான். படிப்பில் முன்னேற்றம் இல்லையென்றால் அதுவும் விசா நிபந்தனை மீறல்தான் என்று கல்லூரியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அப்போதுதான் தகப்பனார் கைபேசியைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

கணக்குப் போட்டுக் காட்டினோம். 600 மணி நேரம். மணிக்குச் சட்டப்படி 31.19, கொடுத்தது 14. குறைவு 17.19. மொத்தம் 10,314 டாலர். நம் பணத்தில் ஆறு லட்சம் ரூபாயளவு. அடகு வைத்த வீட்டின் கடனே அவ்வளவு வராது. தகப்பனார் அந்தத் தாளை வாங்கி இரண்டு தரம் பார்த்தார். "நாம் வாரத்துக்கு எவ்வளவு அனுப்புகிறாய் என்றுதானே அவனைக் கேட்டோம்" என்றார்.

பையன் கோபத்தில் அன்றைக்கே முதலாளியிடம் சண்டைக்குப் போகப் பார்த்தான். வேண்டாம் என்றோம். முதல் வேலை, நேரத்தை வரம்புக்குள் கொண்டுவருவது. வரம்புக்கு வெளியே நின்றுகொண்டு பேசுகிறவன் பாதி வாயால்தான் பேச முடியும். உடம்பு சரியில்லை, தேர்வு இருக்கிறது என்ற சாக்கெல்லாம் சொல்லாமல், ஒரே செய்தியை எழுத்தில் அனுப்பச் சொன்னோம்: "என் விசா நிபந்தனைப்படி இனி வாரத்திற்கு 24 மணிக்கு மேல் வேலை செய்ய இயலாது. வகுப்பு அட்டவணை இணைத்திருக்கிறேன். செவ்வாய், வெள்ளி, சனி வர முடியும்." வேண்டுகோளாக எழுதினால் பேரமாகிவிடும், சட்டத்தைச் சொல்லும் தகவலாக எழுதினால் யாரும் பேரம் பேச முடியாது. நேரம் பேரப் பொருளல்ல என்பதை முதலில் நிலைநாட்டிவிட வேண்டும். கூலி மட்டும்தான் பேரத்திற்கு. அதிலும் சட்டக்கூலிக்கு மேலேதான் பேரம், கீழே அல்ல.

இரண்டாவது, சான்றுகளைச் சேர்ப்பது. வேலைக்குக் கூப்பிட்ட செய்திகள், சுவரில் ஒட்டிய ரோஸ்டரின் படம், பேருந்து அட்டையில் பதிவான போக்குவரத்து, வாங்கிய ரொக்கத்தை அன்றன்றைக்கு வங்கியில் போட்ட வரவு. இவற்றை வைத்துப் பழைய இருபது வாரத்தையும் நாள்வாரியாக நோட்டில் எழுதினான். நினைவில் இல்லாத நாளை இல்லை என்றே விட்டான். ஒரு நாள் கூட்டி எழுதினால் மற்ற நூறு நாளும் சந்தேகத்துக்குள்ளாகும். ஆறு ஆண்டு வரை பழைய கூலியைக் கேட்க உரிமை உண்டு. அவசரப்பட்டுப் பொய் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை.

மூன்றாவது, தனியாகப் பேசாமல் ஆள் வைத்துப் பேசுவது. அவன் கல்லூரியில் மாணவர்களுக்கு இலவசச் சட்ட உதவி இருந்தது; கட்டணம் கட்டி இருந்தும் அவன் அந்த வாசலை மிதிக்கவில்லை. ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் என்பது அங்கே கூலி, வேலைநேரம் பற்றிய அரசு அலுவலகம். எண் 13 13 94. ஆங்கிலத்தில் தடுமாறினால் முதலில் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையைக் கூப்பிட்டுத் தமிழ் என்று சொன்னால் அவர்கள் இணைத்துவிடுவார்கள். தன் நிலைமையை, வரம்பு மீறியதையும் சேர்த்து, முதலில் சட்ட உதவியாளரிடம்தான் சொல்ல வேண்டும். எந்தப் படிவத்தில் எதை எழுதினால் பாதுகாப்பு விதிக்குள் வரும் என்று அவர்கள் சொன்ன பிறகே புகார். விசாத் துறைக்குத் தானாகக் கடிதம் எழுதி நல்ல பெயர் வாங்கப் பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள்.

பிறகு முதலாளிக்கு இரண்டாவது செய்தி போனது. வேலை செய்த மணி, கொடுத்த தொகை, கூலிப்பட்டியல்படி வர வேண்டிய தொகை, வித்தியாசம், பதினான்கு நாளுக்குள் பதில். கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை, மிரட்டலும் இல்லை. முதலாளி என்ன செய்தார்? முதலில் பாசம் பொங்கியது: "நீ என் தம்பி மாதிரி அல்லவா!" அடுத்து, "விசாக்காரனுக்குச் சொல்லட்டுமா?" என்று வந்தது. பையன் அதையும் சேமித்து வைத்துக்கொண்டான். விசாவைக் காட்டி மிரட்டிய செய்தி எழுத்தில் வந்தது முதலாளி தன் கையாலேயே கொடுத்த சான்று என்று சட்ட உதவியாளர் சொன்னாராம். மூன்றாவதாக ஒரு யோசனை வந்தது: "நீ தனியாக ஒரு தொழில் எண் எடுத்துக்கொள், உன்னை ஒப்பந்தக்காரன் என்று எழுதிக்கொள்கிறேன், கூலிச் சட்டம் வராது." ரோஸ்டர் போடுவது அவர், சீருடை கொடுப்பது அவர், இவன் ஒப்பந்தக்காரனாம்! இது போலி ஒப்பந்தம், சட்டவிரோதம். அந்த மணிகளும் 48-இல் சேரும் என்பதால் பையனுக்கு ஒரு லாபமுமில்லை. மறுத்துவிட்டான்.

முடிவு முழு வெற்றியல்ல. அடுத்த வாரத்திலிருந்து சட்டக்கூலியும் சம்பளச் சீட்டும் வந்தன. ஆனால் வேலை 16 மணியாகச் சுருங்கியது. பாக்கிக்காக நீதிமன்றத்தின் சிறுவழக்குப் பிரிவுக்குப் போகத் தயாரான நிலையில், ஐந்து மாதம் கழித்து 7,000 டாலருக்கு முதலாளி ஒத்துக்கொண்டார். மீதிக்கும் வழக்காடலாமா என்று பையன் எங்களைக் கேட்டான். தேர்வு நெருங்கியிருந்தது. முடிவை அவனிடமே விட்டோம்; அவன் வாங்கிக்கொண்டான். மூவாயிரத்துச் சொச்சம் டாலர் இன்னும் அந்த உணவகத்தின் கல்லாவில்தான் இருக்கிறது என்பதை நாங்கள் மறக்கவில்லை.

ஒரு நல்ல பேரமும் நடந்தது. 16 மணிக்கு 31.19 டாலர் என்றால் 499 டாலர், போதாது. பையன் இன்னோர் இடத்தில் வாரத்திற்கு 8 மணி பிடித்தான். இரண்டும் சேர்ந்து 24. அந்தப் புதிய இடத்தில் சேரும்போதே கல்லூரியிலிருந்து விடுமுறைத் தேதிகளை எழுதி வாங்கிக்கொண்டு போனான். "பாடக் காலத்தில் எனக்கு எட்டு மணி நிலையாகக் கொடுங்கள், நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மற்றவர்கள் ஊருக்குப் போகும்போது நான் முழுநேரம் வருகிறேன்" என்றான். ஆள் கிடைக்காத காலத்துக்கு ஆள் கிடைக்கிறது என்றதும் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார். வரம்பில்லாத அந்த விடுமுறை மாதங்கள்தான் மாணவன் கையில் இருக்கும் துருப்பு. பெரும்பாலான பிள்ளைகள் அதைச் சும்மா கொடுத்துவிடுகிறார்கள்.

இனி நம்மைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். முதலாளியைத் திட்டுவது எளிது. மாதம் பிறந்தால் கைபேசியை எடுத்து "இந்த மாதம் எவ்வளவு?" என்று கேட்கிற நாம் யார்? வட்டிக்காரன் நம் வாசலில் நிற்கிறான், நமக்கும் வேறு வழி தெரியவில்லை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நாம் கேட்கும் ஒவ்வொரு நூறு டாலரும் அங்கே மணி நேரமாக மாறுகிறது. முதலாளி 14 டாலர்க்காரனாக இருந்தால் ஏழு மணி நேரமாக மாறுகிறது. அந்த ஏழு மணி வரம்புக்கு வெளியே விழுந்தால் வீடும் போகும், படிப்பும் போகும், விசாவும் போகும். ஆகவே அனுப்புவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். கட்டணம் முழுவதற்கும் கடன் எங்கிருந்து, வட்டி யார் கட்டுவது, பையன் கூலியிலிருந்து ஒரு காசும் வராது என்று வைத்துக்கொண்டால் எத்தனை மாதம் தாங்கும்? விசா விண்ணப்பக் கட்டணமே 2025 ஜூலையிலிருந்து 2,000 டாலர். விசா கிடைக்கவில்லையென்றால் அந்தப் பணம் திரும்ப வராது. வங்கியில் காட்டுவதற்காக ஒரு மாதம் பணம் கடன் வாங்கிப் போட்டு எடுப்பது இப்போது நம் ஊரில் ஒரு தொழிலாகவே நடக்கிறது. அந்தக் காட்சிப் பணம் இல்லாத வீட்டுப் பையன்தான் விமானம் இறங்கிய வாரமே 14 டாலருக்குக் கழுத்தை நீட்டுகிறான்.

போன மாதம் அதே ஏஜெண்டு மறுபடி நம் லயத்துக்கு வந்தார். நான்கு கேள்வியை எழுதிய தாளை அந்தப் பையனின் தாய்தான் கையில் கொடுத்தார். மணிக்கு என்ன கூலி என்ற இடத்தில் ஏஜெண்டு "18 முதல்" என்று எழுதினார். "31.19-க்குக் கீழே எழுதினால் நாங்கள் கையெழுத்துப் போட மாட்டோம்" என்றார் அந்த அம்மாள். ஏஜெண்டு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார். இன்னும் வரவில்லை.